செரிமான மண்டலச் சுவர்ப்படத்தின் பெயர்க்குறிப்புகளைக் குழந்தைக்காகத் தமிழாக்குதல்: முழுமையான வழிகாட்டி

உடலுறுப்புகளைக் காட்டும் சுவர்ப்படம் ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து, அதிலுள்ள ஆங்கிலப் பெயர்களின் இடத்தில் தமிழ்ப் பெயர்களை எழுதித் தருவது பார்வைக்கு ஒரு மாலைப்பொழுது வேலையாகத் தோன்றும். பெயர்கள் பெரும்பாலும் ஒரு சொல், இரண்டு சொல் நீளமுடையவை. அகராதியில் தேடினால் எல்லாவற்றிற்கும் ஏதாவது ஒரு விடை கிடைத்துவிடும். ஆனால் சொல்லைச் சுற்றி வாக்கியம் இல்லாததே இந்த வேலையின் முதல் சிக்கல். ஒரு பெயர் எந்த உறுப்பைச் சொல்கிறது என்பதை அதிலிருந்து புறப்படும் கோட்டைப் பின்தொடர்ந்துதான் அறிய முடியும். ஆகவே இங்கே சொற்பட்டியலைவிடப் படத்தைப் படிக்கும் முறைக்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு படத்தை முழுவதும் செய்து பார்ப்போம். அது 70 சென்டிமீட்டர் அகலமும் 100 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, பளபளப்பான பிளாஸ்டிக் உறையிடப்பட்ட செரிமான மண்டலப் படம். அதில் 26 ஆங்கிலப் பெயர்கள் உள்ளன. படிக்கப்போவது ஒன்பது வயதுக் குழந்தை. தமிழைச் சரளமாக எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும், ஆனால் உடலின் உள்ளுறுப்புகளைப் பற்றி முறையாகப் படித்ததில்லை.

படமெடுத்தல்

சுவர்ப்படத்தை ஒரே சொடுக்கில் முழுவதுமாக எடுக்க வேண்டும் என்ற ஆசையைக் கைவிடுவது நல்லது. பொதுவான கைபேசிக் கேமரா 12 மெகாபிக்சல் அளவில், அதாவது ஏறத்தாழ 3000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் உள்ள படத்தைத் தரும். 100 சென்டிமீட்டர் உயரம் 4000 பிக்சலுக்குள் அடங்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு 40 பிக்சல்தான் கிடைக்கும். சுவர்ப்படத்தின் சிறிய பெயர்களில் எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டர் அளவில் இருப்பது வழக்கம்; அந்த எழுத்து படத்தில் 12 பிக்சல் உயரமே பெறும். அந்த அளவில் ஆங்கிலத்தின் ஒத்த வடிவமுள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 20 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால் ஐயமின்றி வாசிக்கலாம். எனவே முழுப்படத்தையும் அமைப்பைக் காட்டுவதற்காக ஒருமுறை எடுத்துக்கொண்டு, பிறகு மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம் என நான்கு பகுதிகளாக, ஓரங்கள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று வருமாறு எடுக்க வேண்டும். கால்பகுதிப் படங்களில் அதே எழுத்துக்கு 22 பிக்சலுக்கு மேல் கிடைத்துவிடும்.

பளபளப்பான உறையில் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக விழும். அதன் அடியில் உள்ள பெயர் போயே போய்விடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி அமைத்து, கைபேசியைப் படத்தின் நடு உயரத்தில் சுவருக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் எழுத்து குறுகுவதோடு கோடுகளின் கோணமும் மாறும். அடுத்தடுத்துச் செல்லும் இரண்டு கோடுகளில் எது எந்த உறுப்பில் முடிகிறது என்று பின்னர் தெளிவாகச் சொல்ல முடியாமல் போகும். எடுத்து முடித்ததும் அந்த இடத்திலேயே ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, ஆகச் சிறிய பெயரையும் கோடுகளின் முனைகளையும் பார்த்துவிடுங்கள்.

கோடுகளைப் பின்தொடர்தல்

பெயரிலிருந்து உறுப்புக்குச் செல்லும் கோட்டை இங்கே சுட்டுக்கோடு என்போம். மொழிபெயர்ப்பைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு சுட்டுக்கோட்டின் உறுப்பு முனையிலும் ஓர் எண்ணை இட வேண்டும். எண்ணை ஆங்கிலப் பெயரின் அருகில் இடாமல் உறுப்பின்மேல் இடுவதற்குக் காரணம் உண்டு. நாம் தமிழில் பெயரிடப்போவது அந்த இடத்தில் இருக்கும் உறுப்புக்கே. எண்களை இட்ட பிறகு ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டு, எண், படத்தில் உள்ளபடி ஆங்கிலப் பெயர், கோடு முடியும் இடத்தின் விவரிப்பு, தமிழ்ப் பெயர் என்று எழுதத் தொடங்கலாம். தமிழ்ப் பத்தியை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள்.

மூன்றாவது பத்தியில் எழுதும் விவரிப்பே பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டாக, நம் படத்தில் எண் 15 கணையம். அதன் விவரிப்பாக 'இரைப்பைக்குப் பின்னால், முன்சிறுகுடலின் வளைவுக்குள் தலைப்பகுதி பொருந்தியிருக்கும் மஞ்சள் நிற நீள உறுப்பு' என்று எழுதலாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருப்பதால், ஓவியர் இரைப்பையை வெட்டியோ ஒளி ஊடுருவுவதாகவோ வரைந்திருப்பார். மலிவான அச்சுப் படங்களில் இதன் சுட்டுக்கோடு ஓரிரு மில்லிமீட்டர் முன்னதாக, முன்சிறுகுடலின் மேலேயே முடிந்துவிடுவதுண்டு. விவரிப்பு எழுதும்போது 'வளைந்த குழாய்' என்று எழுத நேர்ந்தால், கோடு தவறான இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது தமிழ்ப் பதிப்பில் கோட்டை நீட்டிச் சரிசெய்யலாம். அச்சில் உள்ளதே வேதம் என்று இருக்க வேண்டியதில்லை. பித்தப்பைக்கும் இப்படித்தான். கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய பையைப் பெரும்பாலான படங்களில் பச்சை நிறத்தில் தீட்டுவார்கள். சுட்டுக்கோடு பச்சையைத் தொடுகிறதா என்று பார்த்தாலே போதும்.

இடம், வலம்

உடல் படங்களில் மனிதர் நம்மை நோக்கி நிற்கிறார். எனவே அவருடைய வலப்பக்கம் பார்ப்பவரின் இடப்பக்கத்தில் வரும். கல்லீரலின் பெரும்பகுதி உடலின் வலப்பக்கத்தில் இருப்பது. படத்தில் அது நம் இடக்கைப் பக்கம் காணப்படும். கல்லீரலின் வலது மடல் என்ற பெயர் படத்தின் இடப்பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, அச்சுப்பிழை என்று கருதி 'இடது மடல்' என்று மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றக் கூடாது. இடம் வலம் என்பது எப்போதும் படத்தில் நிற்பவரின் இடம் வலமே.

குழந்தைக்கு இது முதலில் விளங்காது என்பதால், தமிழ்ப் பதிப்பின் இருபுறமும் மேல் ஓரத்தில் 'இவருடைய வலப்பக்கம்', 'இவருடைய இடப்பக்கம்' என்று எழுதிவிடுவது சிறந்த ஏற்பாடு. ஆங்கில மூலத்தில் இது இல்லையே என்று தயங்க வேண்டாம். பிறகு குழந்தையைப் படத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, கல்லீரல் எந்தப் பக்கம் என்று தன் உடலிலேயே கைவைத்துக் காட்டச் சொன்னால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்ளும்.

படத்தைத் திருத்தும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஆங்கிலப் பெயர்களை அழித்த பிறகு படம் தற்செயலாகக் கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிவிட்டால், எழுத்துகள் இல்லாததால் அது கண்ணில் படாது. சரிபார்க்க இரண்டு அடையாளங்கள் போதும்: கல்லீரலின் பருத்த பகுதி பார்ப்பவரின் இடப்பக்க மேற்புறத்திலும், குடல்வால் அதே பக்கத்தின் கீழ்ப்புறத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் வலப்பக்கத்தில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

தனிச்சொல்லின் பொறிகள்

இப்போதுதான் தமிழ்ப் பத்தியை நிரப்பத் தொடங்குகிறோம். 'கோலன்' என்ற சொல்லை அகராதியிலோ மொழிபெயர்ப்புச் செயலியிலோ தனியாக இட்டால், முக்காற்புள்ளி என்ற விடை வரக்கூடும். ஆங்கிலத்தில் அந்த நிறுத்தற்குறிக்கும் பெருங்குடலின் பெரும்பகுதிக்கும் ஒரே பெயர். 'அப்பெண்டிக்ஸ்' என்பதற்குப் பின்னிணைப்பு என்று வரும். நமக்கு வேண்டியது குடல்வால். பற்களைக் காட்டும் துணைப்படம் இருந்தால் 'கேனைன்' என்பது நாய் என்று வந்து நிற்கும், அது கோரைப்பல். இவை சிரிப்பை வரவழைக்கும் பிழைகள் என்பதால் பெரிய தீங்கு இல்லை. பார்த்தவுடன் யாரும் திருத்திவிடுவார்கள்.

உண்மையான தொல்லை, பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றும் பிழைகளில் இருக்கிறது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் 'கார்டியாக்' என்ற அடைமொழியுடன் ஒரு சுருக்குத் தசையின் பெயர் இருக்கும். அந்த அடைமொழி இதயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரைப்பையின் அந்த முனை இதயத்துக்கு அருகில் இருப்பதால் பழைய உடற்கூற்றியலார் அப்படி அழைத்தார்கள். அதை 'இதயச் சுருக்குத் தசை' என்று தமிழாக்கினால் சொல் சரியாகவும் பொருள் முற்றிலும் தவறாகவும் இருக்கும். இரைப்பைக்குள் இதயத்தின் ஒரு பகுதி இருப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும். 'இரைப்பையின் மேல்வாய்' என்பதே பொருளைத் தரும். அதேபோல இரைப்பையின் மறுமுனையில் உள்ளதை 'இரைப்பையின் கீழ்வாய்' எனலாம். பித்தத்தைக் கொண்டுசெல்லும் நாளத்தின் பெயரில் உள்ள 'காமன்' என்ற அடைமொழியும் அப்படிப்பட்டதே. அது சாதாரணம் என்ற பொருளில் வரவில்லை. கல்லீரலிலிருந்து வரும் நாளமும் பித்தப்பையிலிருந்து வரும் நாளமும் கூடி ஒன்றாவதால் அது பொதுப் பித்த நாளம்.

ஓர் எழுத்து மாறினால் உறுப்பே மாறும் இடங்களும் உண்டு. 'இலியம்' என்று ஒலிக்கும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. மூன்றாவது எழுத்து ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்தாக இருந்தால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதி. ஒன்பதாம் எழுத்தாக இருந்தால் இடுப்பெலும்பின் ஒரு பகுதி. மங்கலான படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. செரிமானப் படத்தில் இடுப்பெலும்பும் மங்கலான பின்னணியாக வரையப்பட்டிருந்தால் இரண்டுமே அங்கே இருக்கலாம். இத்தகைய இடத்தில் மூன்றாவது பத்தியின் விவரிப்பைத்தான் நம்ப வேண்டும்: கோடு குழாயில் முடிந்தால் பின்சிறுகுடல், எலும்பில் முடிந்தால் இடுப்பெலும்பு. கழுத்துப் பகுதியில் 'ஃபாரிங்ஸ்', 'லாரிங்ஸ்' என்ற இரண்டு பெயர்களும் இப்படித்தான் குழப்பும். முன்னது உணவும் காற்றும் செல்லும் தொண்டை. பின்னது குரல்வளை, அதாவது மூச்சுக்குழாயின் மேல்முனை. இவற்றை மாற்றி எழுதினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதாகப் படம் சொல்லும்.

எந்தத் தமிழ்ச் சொல்

சில உறுப்புகளுக்கு வீட்டில் ஒரு சொல்லும் பாடநூலில் வேறொரு சொல்லும் இருக்கும். வீட்டுச் சொல் குழந்தைக்கு எளிது என்பதால் அதையே இடத் தோன்றும். இங்கே சற்று நிதானம் தேவை. இரைப்பையை 'வயிறு' என்று எழுதினால், குழந்தை ஏற்கெனவே வயிறு என்று அழைப்பது விலாவுக்குக் கீழே இருக்கும் முழுப்பகுதியையும் என்பதால், தொப்புள் வலித்தாலும் இரைப்பை வலிக்கிறது என்று நினைக்கும். உண்மையில் இரைப்பை இருப்பது தொப்புளுக்கு மேலே, இடது விலா எலும்புகளை ஒட்டி. எனவே இரைப்பை என்ற சொல்லையே எழுதி, வாயால் விளக்கும்போது மட்டும் வயிறு என்ற சொல்லைக் கொண்டு வரலாம். 'மலவாய்' என்ற சொல்லைப் பார்த்துக் குழந்தை சிரிக்கும், சிரிக்கட்டும். கூச்சத்தின் பெயரால் அந்தப் பெயரை விட்டுவிட்டால் உணவின் பாதை முடிவின்றி நின்றுவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இலங்கைப் பாடநூல்களும் ஒரே உறுப்புக்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் செரிமானம் என்பது இலங்கையில் சமிபாடு. முன்னதில் கணையம், பின்னதில் சதையி. முன்னதில் உணவுக்குழாய், பின்னதில் களம். இரண்டும் நல்ல தமிழே. குழந்தை பள்ளியில் எந்தப் பாடநூலை வாசிக்கிறதோ அல்லது வாசிக்கப்போகிறதோ அதன் சொல்லைத் தேர்ந்து, படம் முழுவதும் அதே மரபில் நிற்க வேண்டும். பாதிப் பெயர்களை ஒரு நூலிலிருந்தும் மீதியை இன்னொன்றிலிருந்தும் எடுப்பதே இணையத்தில் சொல் தேடுவோரிடம் அடிக்கடி நேரும் பிழை. ஏனெனில் தேடலில் முதலில் வருவது எந்த மரபுச் சொல் என்று தேடுபவருக்குத் தெரிவதில்லை. பாடநூலில் இல்லாத சொல்லுக்கு மட்டும் கலைச்சொல் அகராதிகளைப் பார்க்கலாம். நான் இந்த வழிகாட்டியில் தமிழ்நாட்டு மரபைப் பின்பற்றுகிறேன்.

26 பெயர்களை 13 ஆக்குதல்

ஒன்பது வயதுக் குழந்தைக்கு 26 பெயர்களும் வேண்டியதில்லை. எதை விடுவது என்ற தீர்மானமும் மொழிபெயர்ப்பின் பகுதியே. நம் படத்தின் 26 பெயர்கள் இவை: வாய், நாக்கு, பற்கள், உமிழ்நீர்ச் சுரப்பிகளின் மூன்று வகைகள், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பித்தப்பை, பொதுப் பித்த நாளம், இரைப்பை, அதன் மேல்வாய், கீழ்வாய், கணையம், முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல், குருட்டுக்குடல், குடல்வால், ஏறுகுடல், குறுக்குக்குடல், இறங்குகுடல், வளைகுடல், மலக்குடல், மலவாய்.

நாக்கும் பற்களும் குழந்தை அறிந்தவை. அவற்றின் பெயர் படத்தில் இடத்தை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. காதருகிலும், நாக்கின் அடியிலும், கீழ்த்தாடையின் அடியிலுமாக ஒவ்வோர் இணையாக அமைந்த சுரப்பிகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் என்ற ஒரே பெயர் போதும். நாளத்தையும் இரைப்பையின் இரு வாய்களையும் இன்னொரு வயதுக்கு ஒத்திவைக்கலாம். சிறுகுடலின் மூன்று பகுதிகள் சிறுகுடல் என்ற ஒன்றாகவும், குருட்டுக்குடலும் நான்கு குடல் வளைவுகளும் பெருங்குடல் என்ற ஒன்றாகவும் சேரும். மிஞ்சுவது 13.

கவனித்தால், சிறுகுடல் என்ற பெயரே ஆங்கிலப் படத்தில் இல்லை. அதன் பகுதிகளின் பெயர்கள்தான் இருந்தன. சேர்த்து எழுதும்போது சுட்டுக்கோட்டையும் மாற்றியமைக்க வேண்டும். பெருங்குடல் என்ற பெயரிலிருந்து ஒரே கோட்டைக் குறுக்குக்குடலில் கொண்டுபோய் நிறுத்தினால், மேலே கிடையாகப் போகும் அந்தப் பகுதி மட்டுமே பெருங்குடல் என்று குழந்தை கொள்ளும். பெயரிலிருந்து இரண்டு கோடுகளைப் பிரித்து, ஒன்றை ஏறும் பகுதிக்கும் மற்றொன்றை இறங்கும் பகுதிக்கும் கொண்டுசெல்ல வேண்டும். சிறுகுடலுக்கு நடுவில் உள்ள சுருள்களில் ஒரு கோடு போதும்.

இந்த இரு பெயர்களிலும் ஒரு சிறு விளக்கம் தேவைப்படும். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். சிறு, பெரு என்பவை குழாயின் அகலத்தைக் குறிப்பவை. படத்தில் சிறுகுடல் மடிந்து மடிந்து கிடப்பதால் அதன் நீளம் தெரியாது. பெயருக்கு அடியில் சிறிய எழுத்தில் 'அகலம் குறைந்த குழாய், ஆனால் நீளமானது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் குழந்தை கேட்கப்போகும் முதல் கேள்விக்கு விடை படத்திலேயே இருக்கும்.

அடுத்து, 13 பெயர்களையும் ஒரே மாதிரி எழுதாமல் இரு நிறமாகப் பிரிப்பதைப் பெரிதும் பரிந்துரைக்கிறேன். உணவு கடந்துசெல்லும் இடங்கள் எட்டு: வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், மலவாய். உமிழ்நீர்ச் சுரப்பிகள், கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகிய நான்கும் சாறு சுரந்தோ சேமித்தோ அனுப்புபவை. உணவு அவற்றுக்குள் நுழைவதே இல்லை. சுவர்ப்படங்களில் கல்லீரல் மிகப் பெரியதாக இரைப்பையை ஒட்டி வரையப்படுவதால், இரைப்பையிலிருந்து உணவு கல்லீரலுக்குப் போகிறது என்று பல குழந்தைகள் சொல்வார்கள். எட்டுப் பெயர்களை நீல நிறக் கட்டத்திலும் நான்கைப் பழுப்பு நிறக் கட்டத்திலும் எழுதினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் எழாது. குடல்வால் இரண்டிலும் சேராது. பெருங்குடலின் தொடக்கத்திலிருந்து தொங்கும் முட்டுச்சந்து அது. அதற்குக் கட்டமின்றிப் பெயரை மட்டும் எழுதலாம்.

தமிழ் எழுத்தைப் படத்தில் அமைத்தல்

ஆங்கிலப் பெயரின் இடத்தில் தமிழ்ப் பெயர் அப்படியே பொருந்தாது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் போன்ற பெயர் மூலத்தைவிட அகலமாகும். எழுத்தைச் சிறிதாக்கிப் பொருத்துவது தவறான தீர்வு; தமிழில் புள்ளியும் கொம்பும் சுழியும் சிறிய எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாறாகப் பெயரை உறுப்பிலிருந்து தள்ளிப் பக்க ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக்கோட்டை நீட்டலாம், அல்லது இரண்டு வரியாகப் பிரிக்கலாம். பிரிப்பதானால் சொற்களுக்கு இடையில் மட்டுமே பிரிக்க வேண்டும்: 'உமிழ்நீர்ச்' என்று ஒரு வரி, 'சுரப்பிகள்' என்று அடுத்த வரி. பெருங்குடல், மலக்குடல் போன்ற ஒற்றைச் சொற்களை உடைக்க வேண்டாம். 'பெருங்' என்று முடியும் வரியைப் பார்த்து வாசிக்கும் குழந்தை திகைக்கும். ஏ4 தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துப் படிப்பதானால் எழுத்தளவு 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். சுவரில் ஒட்டுவதானால் முழுப்படத்தையும் பெரிதாக்கி அச்சிட வேண்டும். சுட்டுக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்கின்றனவா என்பதைக் கடைசியாகப் பாருங்கள்.

சில படத்திருத்தச் செயலிகள் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காமல் குறிகளை இடம் மாற்றிக் காட்டும். இதைச் சோதிக்க 'இரைப்பை' என்ற ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து பார்த்தால் போதும். ஐகாரக் குறி ரகரத்துக்கும் பகரத்துக்கும் இடப்பக்கம் வர வேண்டும். அது வலப்பக்கம் விழுந்தாலோ, புள்ளி தனியே நின்றாலோ, அந்தச் செயலியில் வேலை செய்யக் கூடாது. அப்போது பெயர்களைச் சொற்செயலி ஒன்றில் அடித்து அச்சிட்டு, கத்தரித்து, படத்தின் அச்சுப்பிரதியில் ஒட்டுவதே குறுக்குவழி. அழகு குறைந்தாலும் எழுத்துப் பிழை வராது.

சரிபார்த்தல்

ஆங்கிலப் பத்தியையும் விவரிப்பையும் மறைத்துவிட்டு, தமிழ்ப் பெயர்களை மட்டும் படத்தைச் செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். கூடவே பெயர்கள் இல்லாத, எண்கள் மட்டும் உள்ள படத்தையும் கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதும் உங்கள் பட்டியலும் வேறுபடும் இடங்களை மட்டும் ஆராய்ந்தால் போதும். ஒருவேளை அவருக்கு உடற்கூறு தெரியாமல் இருக்கலாம். ஆனால் தொண்டையும் குரல்வளையும் மாறியிருப்பதுபோன்ற பிழை அங்கேதான் தென்படும். பள்ளிப் பாடநூலில் உள்ள செரிமான மண்டலப் படத்தை அருகில் வைத்து எட்டு இடங்களின் வரிசையையும் சாறு அனுப்பும் நான்கு உறுப்புகளின் நிலையையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது இன்னும் உறுதியானது.

பிறகு குழந்தையிடம் படத்தைத் தந்து, ஒரு கவளம் சோறு போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். விரல் நீலக் கட்டங்களின் வழியே மட்டும் சென்று மலவாயில் முடிந்தால் படம் வேலை செய்கிறது. விரல் எங்காவது தயங்கினால், அந்த இடத்தில் குழந்தைக்கு மறதி என்று முடிவு செய்வதற்கு முன், சுட்டுக்கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள்; பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலையிலேயே, அதாவது உடலின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில், விரல் வழி தவறும். அங்கே ஒரு சிறு அம்புக்குறியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஓரத்தில் பெரிதாக்கிக் காட்டப்படும் துணைப்படம் இருந்தால், பெரும்பாலும் அது சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளாக இருக்கும். அவை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ளவை. படத்தில் விரல்கள் அளவுக்கு வரையப்பட்டிருக்கும். அந்தத் துணைப்படத்தின் தலைப்பில் 'பல மடங்கு பெரிதாக்கப்பட்டது' என்ற குறிப்பைத் தமிழில் கட்டாயம் சேருங்கள், மூலத்தில் அது இல்லாவிட்டாலும். இல்லையென்றால் குடலுக்குள் விரல்கள் முளைத்திருக்கின்றன என்ற செய்தியோடுதான் குழந்தை போகும்.

நான்கு பத்திப் பட்டியலையும் பெயரில்லாத எண் படத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள். விடப்பட்ட, சேர்க்கப்பட்ட 16 பெயர்களுக்குத் தமிழ்ச் சொற்கள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. ஓரிரு ஆண்டுகள் கழித்துச் சிறுகுடலின் மூன்று பகுதிகளும் பொதுப் பித்த நாளமும் பாடத்தில் வரும்போது, கோடுகளை மட்டும் புதிதாக வரைந்து அவற்றைச் சேர்க்கலாம். அப்போது முதலில் சேர்க்க வேண்டியது முன்சிறுகுடல், ஏனெனில் பித்தமும் கணையச் சாறும் உணவோடு கலப்பது அங்கேதான்.